டியூபுலர் இன்வெர்ட்டர் பேட்டரி: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

டியூபுலர் பேட்டரிக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகள் மூன்றுதான். மேலே துடைப்பது, டெர்மினலைச் சுத்தம் செய்வது, தண்ணீர் ஊற்றுவது. மூன்றையும் எல்லோரும் எப்படியோ செய்துவிடுகிறார்கள், ஆனால் வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். கரண்ட் போய் வந்த கையோடு தண்ணீர் ஊற்றுவது, மூடியைத் திறந்து வைத்துவிட்டு டெர்மினலைத் தேய்ப்பது, மெயினைப் போட்டு வைத்தபடியே நட்டைக் கழற்றுவது என்று நான் பக்கத்தில் நின்று பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இப்படி வரிசை மாறியதால் வந்தவை. அதனால் இங்கே ஒவ்வொரு வேலையும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இது ஆறு மூடியும் மிதவைக் குச்சிகளும் உள்ள 12 வோல்ட் ஈய-ஆசிட் டியூபுலர் பேட்டரிக்கு. இரண்டு பேட்டரி போட்டிருந்தாலும் முறை இதேதான். மூடியே இல்லாமல் முழுதாக அடைத்து வரும் பேட்டரிகளைத் திறக்க முயல வேண்டாம், அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையே கிடையாது.

1. கையில் இருக்க வேண்டியவை

டிஸ்டில்டு வாட்டர் ஒரு ஐந்து லிட்டர் கேன். ஆப்ப சோடா. பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று, பழைய பருத்தித் துணி நாலைந்து. உப்புத்தாள் ஒரு துண்டு. வாஸ்லின். பிளாஸ்டிக் புனல். டார்ச். ரப்பர் கையுறை, கண்ணாடி. போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், பெரும்பாலும் 13 எண் அல்லது 10 எண் இருக்கும், முன்பே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பேனரின் பிடியை வாய் மட்டும் தெரியும்படி இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிடுங்கள். கை வழுக்கி ஸ்பேனர் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே விழுந்தால், 12 வோல்ட்தானே என்று அது விட்டுவிடாது. நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனரே சிவக்கும். மோதிரம், வளையல், உலோகப் பட்டை உள்ள கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்வதும் இதற்குத்தான்.

பழைய உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஆசிட் தெறித்தது அப்போது தெரியாது, அடுத்த சலவையில்தான் துணியில் ஓட்டை தெரியும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பேட்டரியின் ஆயுளை மெல்லத் தின்பது அதுதான். "ஆர்ஓ தண்ணீர் போதாதா?" என்று கேட்காதவரை நான் பார்த்ததில்லை. போதாது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் இல்லாமல் போகாது. குடிக்க ருசி வேண்டுமே என்று சில கருவிகள் கொஞ்சத்தைத் திரும்பச் சேர்க்கவும் செய்கின்றன. பேட்டரியிலிருந்து வெளியே போவது சுத்தமான தண்ணீர் மட்டும்தான், நாம் ஊற்றும் உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, குளோரைடு தகட்டின் ஈயத்தை அரிக்கும், இரும்பு இருந்தால் பேட்டரி சும்மா இருக்கும்போதே சார்ஜ் இறங்கும். காய்ச்சிய தண்ணீரும் அப்படியே. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் ஆவி குளிர்ந்து வந்ததுதான் என்றாலும், காயிலில் படிந்த தூசியையும் உலோகத்தையும் கழுவிக்கொண்டுதான் வாளிக்கு வருகிறது. பேட்டரிக்கென்று விற்கும் டிஸ்டில்டு அல்லது டிமினரலைஸ்டு தண்ணீரை மட்டும் வாங்குங்கள். டிடிஎஸ் மீட்டர் இருந்தால் அதில் பூஜ்யமோ அதற்கு ஒட்டியோ காட்ட வேண்டும்.

2. முதலில் முழு சார்ஜ் ஏற விடுங்கள்

வேலை ஆரம்பிப்பது முந்தின நாளே. நீண்ட மின்தடை எதுவும் இல்லாமல் இரவு முழுக்க சார்ஜ் ஏறி, இன்வெர்ட்டர் முழு சார்ஜ் என்று காட்டிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

காரணம் இதுதான். பேட்டரி இறங்கியிருக்கும்போது உள்ளே திரவ மட்டம் தாழ்ந்திருக்கும். சார்ஜ் ஏற ஏற மட்டம் உயரும், கடைசிக் கட்டத்தில் கிளம்பும் வாயுக் குமிழிகளும் அதை இன்னும் தூக்கும். இறங்கிய பேட்டரியில் மேல் குறி வரை ஊற்றினால், சார்ஜ் ஏறும்போது அது மூடி வழியாகப் பொங்கி வெளியே வரும். அப்படி வருவது வெறும் தண்ணீர் இல்லை, ஆசிட் கலந்தது. மேலே ஈரம், அதில் தூசி, அடுத்த மாதம் டெர்மினலில் களிம்பு. போன மாதம்தானே சுத்தம் செய்தேன், அதற்குள் எப்படிப் பூத்தது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, தண்ணீர் எப்போது ஊற்றினீர்கள் என்பதுதான்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மிதவை அடியோடு இறங்கி, டார்ச் அடித்துப் பார்த்தால் தகடுகளின் தலை திரவத்துக்கு வெளியே தெரிகிறது என்றால், அப்படியே சார்ஜ் போடக் கூடாது. கீழே 3, 4, 6ஆம் பகுதிகளில் சொன்னபடி நிறுத்தி, காற்றாட விட்டு, துடைத்துவிட்டு, தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். குறி வரை வேண்டாம். பிறகு மூடியைப் போட்டு முழு சார்ஜ் ஏற்றி, மீதியை மறுநாள் நிரப்புங்கள். பல நாள் காற்றில் காய்ந்த தகட்டுப் பகுதியில் சல்பேட் இறுகிப்போயிருக்கும், அந்தப் பங்கு பெரும்பாலும் திரும்பாது. மிச்சமாவது தப்பும்.

3. இன்வெர்ட்டரை நிறுத்துவது

முதலில் இன்வெர்ட்டரின் முன்பக்க ஸ்விட்ச். அப்புறம் சுவரில் உள்ள மெயின் ஸ்விட்ச். அப்புறம் பிளக்கையே உருவி வெளியே எடுத்துவிடுங்கள்.

இதை மாற்றி மெயினை முதலில் அணைத்தால், இன்வெர்ட்டர் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து வீட்டு லோடு முழுவதையும் பேட்டரியிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும். அந்த நிலையில் நட்டைக் கழற்றினால் பெரிய பொறி பறக்கும். முன்பக்க ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு மெயினை அப்படியே விடுவதும் சரியில்லை. பல இன்வெர்ட்டர்கள் முன்பக்க ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் பேட்டரியை சார்ஜ் செய்துகொண்டேதான் இருக்கும். இன்வெர்ட்டர் லைனில் உள்ள விளக்கும் ஃபேனும் வேலை முடியும் வரை ஓடாது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் யாராவது வந்து பிளக்கைச் செருகுவார்கள்.

நிறுத்திய பிறகு கதவு, ஜன்னலைத் திறந்து ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள். சார்ஜின் கடைசிக் கட்டத்தில் ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும், ஒரு சின்னப் பொறி போதும். மாடிப்படிக்கு அடியில், அலமாரிக்குள் வைத்திருக்கும் பேட்டரிகளுக்கு இந்த ஒரு மணி நேரம் கட்டாயம். தீக்குச்சி, லைட்டர், ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் கூடாது.

டிராலியை வெளியே இழுக்கும்போது கேபிள் எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொண்டு இழுங்கள். 150 ஏஹெச் பேட்டரி ஆசிட்டோடு 50 கிலோவுக்கு மேல் இருக்கும். தூக்குவதெல்லாம் வேண்டாம்.

4. மேலே துடைப்பது, மூடியைத் திறக்காமல்

ஆறு மூடியும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து மேற்பரப்பு முழுவதையும் துடைத்தெடுங்கள். இதைத் தண்ணீர் ஊற்றிய பிறகு செய்தால் தாமதம். மூடியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் தூசி, திறந்த உடனே செல்லுக்குள் விழும். அதோடு, ஆசிட் ஈரமும் தூசியும் சேர்ந்த அழுக்குப் படலம் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கடத்தியாக வேலை செய்து, சார்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடும்.

துணி வழுவழுப்பாக ஈரமானால் அது ஆசிட். அந்தத் துணியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

5. டெர்மினல்

டெர்மினலை எப்போது சுத்தம் செய்ய வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது பெரும்பாலும் ஈய சல்பேட். நீலப் பச்சையாக இருந்தால் ஆசிட் கேபிள் முனையில் உள்ள செம்பு லக்கையே தின்ன ஆரம்பித்துவிட்டது என்று பொருள். ஆனால் வெளியே சுத்தமாகத் தெரிந்து, லக்குக்கும் ஈயத்துக்கும் நடுவில் கறுத்த படலம் இருப்பதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் வேண்டும்.

ஒரு உறவினர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 150 ஏஹெச் பேட்டரி, தண்ணீர் மட்டம் சரி, மேலே சுத்தம். ஆனால் பேக்கப் பாதியாகிவிட்டது, பேட்டரியை மாற்றும் யோசனையில் இருந்தார்கள். மெயினை அணைத்து மூன்று ஃபேனையும் சில விளக்குகளையும் ஓட விட்டோம். கிட்டத்தட்ட 300 வாட் லோடு, இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 30 ஆம்பியர் போகும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை பாசிட்டிவ் டெர்மினலின் ஈயத்தின் மேலும், இன்னொன்றை அதில் மாட்டியிருந்த லக்கின் செம்பின் மேலும் தொட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒட்டியிருக்கும் இடம், வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். காட்டியது அரை வோல்ட். 30 ஆம்பியரில் அரை வோல்ட் என்றால் 15 வாட், அந்தச் சின்ன இணைப்பில் சூடாக வீணாகிறது. லக்கைத் தொட்டால் கையில் சுட்டது.

சூட்டைவிடப் பெரிய கெடுதல் இன்னொன்று. இன்வெர்ட்டருக்குத் தெரிவது கேபிள் முனையின் வோல்டேஜ்தான். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட் குறைவாக அதற்குத் தெரிகிறது, அதனால் பேட்டரியில் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே தீர்ந்துவிட்டது என்று அணைந்துவிடுகிறது. சார்ஜ் ஏறும்போது இதற்கு நேர் எதிர். வோல்டேஜ் கூடுதலாகத் தெரிந்து, நிறைவதற்கு முன்பே கரண்டைக் குறைத்துவிடும். பல மாதம் பாதி வயிறாகவே கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகும். அந்த வீட்டில் இணைப்பைக் கழற்றித் தேய்த்து மாட்டிய பிறகு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கியது, புதுப் பேட்டரி வாங்கும் பேச்சும் அதோடு நின்றது. உங்கள் வீட்டில் இதே மாதிரி அளந்து 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் சுத்தம் செய்துவிடுங்கள். (அளப்பதை மட்டும் வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்யும் நாளில் பேட்டரி முழு சார்ஜில் ஓய்வாக இருக்க வேண்டும்.)

கழற்றும் வரிசை: முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். ஒரு பக்கம் கழன்றதுமே சுற்று அறுந்துவிடும். கழற்றிய லக்கை உடனே துணியால் சுற்றி ஓரமாக வையுங்கள், தானாக வளைந்து திரும்ப வந்து தொடும் குணம் இந்தத் தடித்த கேபிளுக்கு உண்டு. பாசிட்டிவ் கேபிளில் சிவப்பு அடையாளம் அழிந்திருந்தால் கழற்றும் முன்பே டேப் சுற்றிவிடுங்கள். மாட்டும்போது மாறிப்போனால் இன்வெர்ட்டரின் ஃபியூஸோடு தப்பித்தால் அதிர்ஷ்டம், பெரும்பாலும் உள்ளே உள்ள போர்டையும் கொண்டு போகும்.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து, பிரஷில் தொட்டு டெர்மினலில் தேயுங்கள். ஆசிட் இருக்கும் இடமெல்லாம் நுரைக்கும். நுரை நின்றால் ஆசிட் தீர்ந்தது. லக், நட், வாஷர் எல்லாவற்றையும் தனியாக ஒரு பழைய கிண்ணத்தில் அதே கரைசலில் ஊற வைக்கலாம். மூடிகள் அடைத்திருக்க வேண்டும் என்று சொன்னது இந்த இடத்துக்காகத்தான். சோடா செல்லுக்குள் போனால் உள்ளே வேலை செய்ய வேண்டிய ஆசிட்டையே முறித்துவிடும். கரைசலை டெர்மினல் மேல் ஊற்றாமல், பிரஷால் தொட்டுத் தொட்டுச் செய்வது அதனால்தான். அப்புறம் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை துடையுங்கள்.

ஈயமும் லக்கும் ஒன்றையொன்று தொடும் பரப்பு மங்கிய வெள்ளியாக வரும் வரை உப்புத்தாளை லேசாக ஈரமாக்கித் தேயுங்கள். உலர வைத்துத் தேய்த்தால் ஈயத் தூசி பறக்கும், மூச்சில் போகக் கூடாத பொருள் அது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம். லக்கின் கழுத்தில் கேபிளின் ரப்பரைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். உள்ளே செம்புக் கம்பிகள் கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் தேய்த்துப் பயனில்லை, அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது லக் அழுத்தித் தர வேண்டும்.

மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். நெகட்டிவைத் தொடும்போது சின்னதாகப் பொறி வரலாம், இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்புவதால் வருவது அது. பயப்பட ஒன்றுமில்லை, மூடிகள் அடைத்திருக்கும் வரை. தண்ணீர் ஊற்றுவதை இதற்குப் பிறகு வைத்திருப்பதன் காரணமும் இந்தப் பொறிதான்.

ஸ்ப்ரிங் வாஷர் தட்டையாகும் வரை இறுக்கினால் போதும். ஈயம் மெத்தென்றிருக்கும், பலம் இருக்கிறதே என்று முறுக்கினால் டெர்மினல் நெளியும், சில சமயம் வேரோடு ஆடிப்போய் அந்த விரிசலில் ஆசிட் கசியும். இறுக்கி முடித்த பிறகு மேலே வாஸ்லினை மெல்லியதாகப் பூசுங்கள். முதலில் பூசிவிட்டு மாட்டுபவர்கள் நிறையப் பேர். வாஸ்லின் கரண்டைக் கடத்தாது, காற்றையும் ஈரத்தையும் தடுப்பதுதான் அதன் வேலை. அதனால் அது இருக்க வேண்டிய இடம் வெளிப்புறம்.

6. தண்ணீர் ஊற்றுவது

இன்வெர்ட்டர் இன்னும் அணைந்தே இருக்கட்டும், பிளக்கும் வெளியிலேயே இருக்கட்டும். கையுறை, கண்ணாடி இரண்டும் போட்டிருக்கிறீர்களா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

திறக்கும் முன் ஆறு மிதவைகளின் உயரத்தையும் பாருங்கள், ஒரு தாளில் குறித்தும் வையுங்கள். பாசிட்டிவ் பக்கத்திலிருந்து 1, 2, 3 என்று எண் கொடுத்தால் போதும். இந்தக் குறிப்பு கடைசிப் பகுதியில் வேலைக்கு வரும். தண்ணீர் நிறைந்தால் குச்சி மேலே வரும், குறைந்தால் உள்ளே போகும். நிறமும் கோடும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் படத்தில் எது மேல் குறி, எது கீழ்க் குறி என்று பார்த்துக்கொள்ளுங்கள். குச்சி சில சமயம் சிக்கிக்கொண்டு பொய் சொல்லும். விரலால் லேசாகத் தட்டி, அது மேலும் கீழும் ஆடி நின்ற பிறகு படியுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மூடி. ஆறையும் ஒரேயடியாகத் திறந்து போட்டால் தூசிக்கு ஆறு வாசல், எந்தச் செல்லுக்கு ஊற்றினோம் என்ற குழப்பம் வேறு. கழற்றிய மிதவை மூடியைச் சுத்தமான பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள், அடியில் ஒட்டியிருப்பது ஆசிட்.

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். மூடியோடு மிதவையும் வெளியே வந்துவிட்டதால் ஊற்றும்போது மட்டம் தெரியாது. துளைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே கழுத்து வரை நிரப்பிவிடுவார்கள். கால் டம்ளர், அதாவது 50 மில்லி அளவு ஊற்றுங்கள், மூடியைத் திரும்ப வைத்து குச்சியைப் பாருங்கள், மறுபடி கொஞ்சம். ஓரிரு செல் முடிந்ததும், குச்சி ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் எவ்வளவு பிடிக்கும் என்று கைக்கே தெரிந்துவிடும். மேல் குறிக்கு மயிரிழை கீழே நிறுத்துவது என் வழக்கம். குறையாக விட்டதை அடுத்த மாதம் நிரப்பிக்கொள்ளலாம், கூடுதலாக ஊற்றியதை அவ்வளவு சுலபமாகத் திரும்ப எடுக்க முடியாது.

அப்படியும் கூடிப்போனால்? குறிக்குக் கொஞ்சம்தான் மேலே என்றால் விட்டுவிட்டு, சில நாள் மேற்பரப்பைத் துடைத்து வாருங்கள். மூடி வரை தளும்புகிறது என்றால் ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரால் உறிஞ்சி ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்து, செல் எண்ணை எழுதி வையுங்கள். அதில் அந்தச் செல்லின் ஆசிட் இருக்கிறது, கொட்டினால் அந்தப் பங்கு போச்சு. மட்டம் இறங்கியதும் தண்ணீருக்குப் பதில் அதையே அதே செல்லில் திரும்ப ஊற்றுங்கள்.

ஆசிட் ஊற்றவே கூடாது. பேக்கப் குறைந்தால் ஆசிட் ஊற்றிச் சரிசெய்யலாம் என்று சொல்பவர்கள் உண்டு. சார்ஜ் ஏறும்போது பிரிந்து போவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேதான் இருக்கிறது. அடர்த்தி குறைவாகக் காட்டினால், அந்த ஆசிட் சல்பேட்டாகத் தகட்டில் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து இன்னும் ஊற்றினால் சில நாள் ஹைட்ரோமீட்டரில் எண் ஏறும், தகடு வேகமாக அரிபடும். பேட்டரி கவிழ்ந்து ஆசிட் கொட்டிவிட்டால் மட்டும் கதை வேறு, அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நிறையக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள். கண்ணில் சோடாக் கரைசல் விடக் கூடாது.

7. திரும்ப ஓட விடுவது

மூடிகளை இறுக்கி, சொட்டியதைத் துடைத்து, மூடியில் உள்ள சின்னக் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைச் செருகி மெயின் ஸ்விட்சைப் போடுங்கள், பிறகு முன்பக்க ஸ்விட்ச். அன்று இரவு முழுக்க சார்ஜ் ஏற வேண்டும். புதிதாக ஊற்றிய தண்ணீர் ஆசிட்டைவிட லேசானது, மேலேயே மிதந்துகொண்டிருக்கும். சார்ஜின் கடைசியில் கிளம்பும் குமிழிகள்தான் அதைக் கலக்கிவிடும்.

தண்ணீர் ஊற்றிய கையோடு ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்துப் பதறுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அப்போது உறிஞ்சி வருவது மேலே நிற்கும் தண்ணீர், எண் பரிதாபமாகத்தான் காட்டும். முழு சார்ஜ் ஏறி, அதற்கு மறுநாள் பாருங்கள். இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பேட்டரிகள் பலவற்றில் முழு சார்ஜில் அடர்த்தி 1.240 சுற்றி இருக்கும், கார் பேட்டரிக்குச் சொல்லும் 1.270, 1.280 இதற்குப் பொருந்தாது. அதனால் ஓய்வாக இருக்கும்போது வோல்ட்டும் 12.5 அளவில்தான் நிற்கும். 12.7 வரவில்லையே என்று பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டாம்.

அடுத்த மின்தடையில் அரை மணி நேரம் ஓடிய பிறகு இரண்டு லக்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்த நட்டு சரியாக உட்காரவில்லை.

8. குறித்து வைத்த எண்கள் என்ன சொல்கின்றன

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை உங்கள் பேட்டரியே சொல்லட்டும். முதல் சில மாதம் மாதம் ஒருமுறை மிதவையைப் பார்த்துக் குறித்து வாருங்கள். வெயில் காலத்திலும் மின்தடை அதிகமான மாதங்களிலும் வேகமாக இறங்கும். மற்ற மாதங்களில் இரண்டு மூன்று மாதம்கூடத் தாங்கலாம். கீழ்க் குறியைத் தொடும் முன்பே ஊற்றுவதுதான் கணக்கு.

ஆறு செல்லிலும் தண்ணீர் வழக்கத்தைவிட வேகமாகக் குறைந்தால் பேட்டரியைவிட சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். இன்வெர்ட்டரின் பின்னால் பேட்டரி வகையைத் தேர்வு செய்யும் ஸ்விட்ச் இருந்தால் அது டியூபுலரில் இருக்கிறதா என்று பாருங்கள். முழு சார்ஜ் ஏறி ஓய்வுக்கு வந்த பிறகு, மெயின் ஓடிக்கொண்டிருக்கும்போது டெர்மினலில் பொதுவாக 13.5 முதல் 13.8 வோல்ட் வரை இருக்கும். நாள் முழுக்க 14.5க்கு மேலேயே நிற்கிறது என்றால் இன்வெர்ட்டரைப் பழுது பார்க்கக் கொடுக்க வேண்டும்.

ஒரு செல் மட்டும் அதிகமாகக் குடித்தால் முதலில் அந்தப் பக்கத்துப் பெட்டிச் சுவரையும் அடியையும் பாருங்கள், விரிசலில் ஈரம் தெரியும். ஈரம் இல்லையென்றால் முழு சார்ஜில் ஆறு செல்லின் அடர்த்தியையும் எடுத்து ஒப்பிடுங்கள்.

இதைவிட ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு. ஐந்து செல்லில் தண்ணீர் வேகமாக இறங்க, ஒன்றில் மட்டும் இறங்கவே இல்லை. பார்த்தால் அந்த ஒன்றுதான் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். பெரும்பாலும் அதுதான் போய்க்கொண்டிருக்கும் செல். உள்ளே ஷார்ட் ஆன செல் வாயு விடாது, தண்ணீரும் குறையாது. அது எடுக்க வேண்டிய வோல்ட்டையும் மற்ற ஐந்தும் சேர்த்து வாங்கி, அளவுக்கு மீறி சார்ஜ் ஆகித் தண்ணீரைக் குடிக்கும். அந்தச் செல்லின் அடர்த்தி மற்றவற்றைவிட 0.030க்கு மேல் குறைவாக இருந்து, நன்றாக சார்ஜ் ஏற்றிய பிறகும் எழும்பவில்லை என்றால், இனி தண்ணீர் ஊற்றியோ டெர்மினல் துடைத்தோ ஆகப்போவது எதுவும் இல்லை. வாரண்டி அட்டையில் தேதியைப் பார்த்துவிட்டு, குறித்து வைத்த அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.